மேலாண்மை ஒப்பந்தம்: குழந்தை நடிகை செல்வி நிலா

2025ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் பெங்களூரில், அல்சூரில் வசிக்கும் திரு. கு. சண்முகம், அவர் மனைவி திருமதி ச. தேன்மொழி (இனி "பெற்றோர்") ஒரு தரப்பாகவும், இந்திராநகரில் அலுவலகம் வைத்திருக்கும் திருமதி இரா. மீனாட்சி (இனி "மேலாளர்") மறு தரப்பாகவும் எழுதிக்கொண்டது.

1. கையெழுத்தும் பொறுப்பும்

நிலாவுக்கு வயது 12. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன்படி 18 வயது நிறையாதவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம் செல்லாது. ஆகவே நிலா இதில் ஒரு தரப்பு அல்ல. கடமைகள் யாவும் பெற்றோருடையவை. எந்தக் காரணத்துக்காகவும் நிலாவிடமோ அவர் பெயரிலுள்ள பணத்திலோ மேலாளர் எதையும் கோர முடியாது.

2. மேலாளர் வேலை

ஆடிஷன் தேடுவது, சம்பளம் பேசுவது, கால்ஷீட் ஒழுங்கு செய்வது, பாக்கி வசூலிப்பது. எந்த வேலைக்கும் பெற்றோரில் ஒருவரது எழுத்துச் சம்மதம் வேண்டும். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் குறி போட்டது சம்மதம் ஆகாது. தேதி, இடம், சம்பளம் மூன்றும் அந்தப் பதிலில் இருக்க வேண்டும்.

3. கமிஷன்

(அ) கமிஷன் 15 சதவீதம், ஜி.எஸ்.டி. உட்பட. கைக்கு வந்த சம்பளத்துக்கு மட்டுமே உண்டு. பேசி முடித்த தொகைக்கு இல்லை. பயணச் செலவு, தங்கும் செலவு, பேட்டா, உடைச் செலவு ஆகியவற்றுக்குக் கமிஷன் கிடையாது.

(ஆ) குழந்தைத் தொழிலாளர் சட்ட விதிகளின்படி, 14 வயதுக்குட்பட்ட கலைஞரின் வருமானத்தில் 20 சதவீதமாவது தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரில் ஃபிக்சட் டெபாசிட்டாகப் போட வேண்டும். முதலில் அந்தத் தொகை ஒதுக்கப்படும். மீதியில்தான் கமிஷன்.

எடுத்துக்காட்டு: ஒரு விளம்பரத்துக்கு வந்தது 90,000 ரூபாய். அதில் 15,000 பயணமும் பேட்டாவும், சம்பளம் 75,000. டெபாசிட் 15,000. மீதி 60,000இல் கமிஷன் 9,000. பெற்றோருக்கு 51,000. மூலத்தில் வரி பிடித்திருந்தாலும், பிடிப்பதற்கு முந்தைய தொகையை வைத்தே இந்தக் கணக்கு.

(இ) தயாரிப்பாளர் நேரே நிலாவின் வங்கிக் கணக்கில் செலுத்துவார்; மேலாளர் கணக்கு வழியாகப் பணம் வரக் கூடாது. பணம் வந்த 7 நாளுக்குள் பெற்றோர் கமிஷன் கொடுப்பார்கள். இந்தத் துறையில் சச்சரவு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது: பணம் ஏஜென்ட் கணக்கில் விழுந்து, "கம்பெனி இன்னும் கொடுக்கவில்லை" என்ற பதில் மாதக்கணக்கில் தொடரும். எனவே ஒவ்வொரு பில்லின் நகலும் அனுப்பிய அன்றே பெற்றோருக்கு வர வேண்டும்.

4. பிரத்தியேக உரிமை

சினிமா, சீரியல், வெப் சீரிஸ், விளம்பரம், டப்பிங் ஆகியவற்றுக்கு, கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும், இவரே ஒரே மேலாளர். பள்ளி விழா, கோயில் திருவிழா, பெங்களூர்த் தமிழ்ச் சங்க மேடை, பரதநாட்டிய ஆசிரியர் நடத்தும் நிகழ்ச்சி ஆகியவை இதில் சேரா. அவற்றில் சன்மானம் கிடைத்தாலும் கமிஷன் இல்லை. பெற்றோருக்கு நேரே வரும் சினிமா அல்லது விளம்பர அழைப்பை மேலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குக் கமிஷன் 7.5 சதவீதம்.

5. குழந்தையின் நலன்

ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை இல்லை. இடைவேளையின்றி 3 மணி நேரத்துக்கு மேல் இல்லை. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் இல்லை. ஷூட்டிங் நடக்கும் மாவட்டத்தின் மாவட்ட ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி பெற்றதைக் கண்ட பிறகே மேலாளர் கால்ஷீட்டை உறுதிசெய்வார். பெற்றோரில் ஒருவர் செட்டில் இருப்பார். நிலா "வேண்டாம்" என்றால் அந்த ஆடிஷன் ரத்து. அதற்காக மேலாளர் நட்டஈடு கேட்க மாட்டார்.

6. காலம்

2025 ஜூன் 2 முதல் 2026 ஜூன் 1 வரை, ஓராண்டு. தானாகப் புதுப்பியாது, நீட்டிக்க இருதரப்பும் புதிதாகக் கையெழுத்திட வேண்டும். முதல் 6 மாதத்தில் சம்பளத்துடன் ஒரு வேலையும் அமையாவிட்டால் பெற்றோர் 7 நாள் அறிவிப்பில் விலகலாம்.

7. முறிவு

(அ) இருதரப்பில் எவரும் 30 நாள் எழுத்து அறிவிப்பில் முறித்துக்கொள்ளலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

(ஆ) பெற்றோர் உடனே முறிக்கக்கூடியவை: சம்மதமின்றி ஒப்பந்தம் பேசியது, சம்பளத்தை மறைத்தது, பிரிவு 5ஐ மீறியது. மேலாளர் உடனே முறிக்கக்கூடியது: எழுத்தில் கேட்ட பிறகும் 15 நாளுக்குள் கமிஷன் கொடுக்காதது.

(இ) முறிவதற்குள் கையெழுத்தான வேலைகளுக்குப் பணம் பின்னால் வந்தாலும் முழுக் கமிஷன் உண்டு. முறிந்த 6 மாதத்துக்குள் அதே விளம்பரம் நீட்டிக்கப்பட்டால் நீட்டிப்புத் தொகையில் 7.5 சதவீதம், அதன்பின் எதுவும் இல்லை. பேச்சுவார்த்தை மட்டும் நடந்த வேலைகளுக்கு உரிமை இல்லை.

(ஈ) 10 நாளுக்குள் மேலாளர் பாக்கிப் பட்டியல், புகைப்படங்கள், சமூக வலைத்தளக் கணக்குகளின் பாஸ்வேர்டுகள் அனைத்தையும் ஒப்படைப்பார். முறிந்த பின் நிலா எவருடனும் வேலை செய்யலாம். அதைத் தடுக்கும் நிபந்தனை ஒப்பந்தச் சட்டம் பிரிவு 27இன்படி செல்லாது என்பதை இருதரப்பும் அறிவர்.

8. தகராறு

முதலில் 15 நாள் நேரில் பேசிப் பார்ப்பது. தீராவிட்டால் இருவரும் ஒப்பும் ஒரே நடுவர் முன், 1996ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்புச் சட்டப்படி, பெங்களூரில். நடவடிக்கை தமிழிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம்.

ஒப்பந்தம் தமிழில் வாசிக்கப்பட்டு, நிலாவுக்கும் விளக்கப்பட்ட பின் கையெழுத்தானது. இரு அசல், தரப்புக்கு ஒன்று.

பெற்றோர்: கு. சண்முகம், ச. தேன்மொழி
மேலாளர்: இரா. மீனாட்சி
சாட்சிகள்: வே. கதிரவன், அல்சூர், ம. சுபாஷிணி, இந்திராநகர்