ஒன்பதாம் வகுப்பு தமிழ்: வாதக் கட்டுரைக்கான மதிப்பெண் அளவுகோல்

தலைப்பு: "விளையாட்டுப் பாடவேளையை வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது." ஏற்றோ மறுத்தோ, தலைமையாசிரியர் இசையும்படி எழுதுக. 150–200 சொற்கள், 40 நிமிடம், 20 மதிப்பெண். எந்தப் பக்கம் நின்றாலும் அளவுகோல் ஒன்றே. எழுதும் நாளுக்கு முன்பே இத்தாள் மாணவர் கையில் இருக்க வேண்டும்.

நிலைப்பாடு – 3
3: முதல் பத்தியிலேயே பக்கமும் கோரிக்கையும் தெளிவு. "தேர்வு மாதத்திலும் வாரம் இரண்டு விளையாட்டுப் பாடவேளைகள் நடக்க வேண்டும்."
2: பக்கம் தெரிகிறது, என்ன செய்யச் சொல்கிறார் என்பது தெரியவில்லை.
1: முடிவுரையில்தான் தெரிகிறது.
0: "படிப்பும் விளையாட்டும் இரு கண்கள்" என்று பொதுவாகவே முடிகிறது.

காரணமும் சான்றும் – 8
இரண்டு காரணங்கள், தலா 4: காரணம் 1, சான்று 2, அந்தச் சான்று எதை நிறுவுகிறது என்ற விளக்கம் 1.

"உடல் வலுப்பெறும்", "நோய் அண்டாது" இரண்டும் ஒரே காரணம், ஒருமுறைதான் மதிப்பெண்.

சான்றுக்கு 2: சரிபார்க்கக்கூடிய விவரம். "ஜூலையில் எங்கள் வகுப்புக்கு எட்டுப் பாடவேளைகள், ஐந்தில் கணக்கு நடந்தது."
1: "பல நாள் மைதானத்துக்கே போவதில்லை."
0: எங்கிருந்து வந்தது என்று சொல்லாத "90 விழுக்காடு" போன்ற எண்கள்.

குறளும் பழமொழியும் சான்றாகா. "சுவர் இருந்தால்தான் சித்திரம்" என எழுதியவருக்கு இங்கே மதிப்பெண் வேண்டாம். பொருத்தமாக வந்திருந்தால் மொழிநடையில் கணக்கில் கொள்க. மேற்கோள் நிறைந்த தாள் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், வாதம் இருக்காது. மதிப்பெண் அதிகம் தவறிப்போவது இங்கேதான்.

எதிர்வாதம் – 4
4: மறுதரப்பின் வலுவான காரணத்தை நேர்மையாகச் சொல்லி, நடைமுறைப் பதில் தருகிறார். "பாடம் முடியவில்லை என்பது உண்மைதான், அதற்கு மாலைச் சிறப்பு வகுப்பு இருக்கிறது."
3: பதில் உண்டு, நடைமுறைக்கு ஒத்துவராது.
2: மறுதரப்பைச் சொல்கிறார், பதில் இல்லை.
1: "சிலர் மறுப்பார்கள், அது தவறு."
0: பேச்சே இல்லை.

அமைப்பு – 2
பத்திக்கு ஒரு கருத்து 1; முடிவுரை கோரிக்கையை வலுப்படுத்துவது 1. முன்னுரை, முடிவுரை என்று உட்தலைப்பு இட்டதற்கு மதிப்பெண் இல்லை.

மொழிநடை – 3
தலைமையாசிரியரிடம் பேசும் மரியாதை 1. வாக்கியத் தெளிவு 1. எழுத்துப்பிழை ஐந்துக்குள் 1. ஒரே சொல்லில் திரும்பத் திரும்ப வரும் ல, ள, ழ பிழை ஒன்றாகவே எண்ணப்படும். கையெழுத்துக்குக் கூட்டலும் இல்லை, குறைத்தலும் இல்லை.

திருத்துவோர்க்கு
முதலில் மூன்று தாள்களை இருவர் தனித்தனியே திருத்துங்கள். மொத்தத்தில் 2-க்கு மேல் வேறுபட்டால், எந்தப் பகுதியில் பிரிந்தீர்கள் என்று பார்த்து, அந்த வரியின் பொருளை ஒத்துக்கொண்ட பிறகே மற்றத் தாள்களைத் தொடுங்கள். மொழிநடையைக் கடைசியாகப் போடுங்கள். பிழை மலிந்த தாளை முதலிலேயே அப்படிப் பார்த்துவிட்டால், நல்ல காரணத்துக்கும் கை இறுகிவிடும். 120 சொற்களுக்குக் குறைந்தால் தனியாகக் கழிக்க வேண்டாம். காரணமும் எதிர்வாதமும் இல்லாததால் மதிப்பெண் ஏற்கெனவே குறைந்திருக்கும்.