நீங்கள் செய்துவைத்த அறிமுகம் பற்றி, தகவலுக்காக மட்டும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். இந்தக் கடிதத்துக்கு நீங்கள் பதில் எழுத வேண்டியதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓய்வாக இருக்கும்போது படித்தால் போதும்.

சென்ற மாதம், நூல்களின் பின்னால் வரும் சொல்லடைவைத் தயாரிக்கும் என் வேலைக்காக, என்னைப் பற்றி நான்கு நல்ல வார்த்தை எழுதி, பதிப்பாசிரியரையும் என்னையும் ஒரே மின்னஞ்சலில் சேர்த்துவைத்தீர்கள். அவரிடமிருந்து இதுவரை பதில் வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை. உங்கள் பெயரில் தொடங்கிய பேச்சு எந்த இடத்தில் நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாளை ஏதாவது ஒரு கூட்டத்தில் அவரைப் பார்க்க நேர்ந்து, அவரே இந்தப் பேச்சை எடுத்தால், நீங்கள் விவரம் தெரியாமல் நிற்கும்படி ஆகக் கூடாது.

நடந்தது இவ்வளவுதான். உங்கள் மின்னஞ்சல் வந்த அன்றே இருவருக்கும் நன்றி சொல்லி, என் வேலையைப் பற்றி அவருக்குச் சுருக்கமாக எழுதினேன். அது உங்களுக்கும் வந்திருக்கும். பிறகு சற்று இடைவெளி விட்டு அவருக்கு மட்டும் ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். அதில் உங்கள் முகவரியைச் சேர்க்கவில்லை. அறிமுகம் செய்துவைத்தவர் என்பதற்காக, எங்களுக்கிடையில் போகும் ஒவ்வொரு கடிதத்தையும் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை அல்லவா? ஆனால் நான் என்ன எழுதினேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால், அந்த நினைவூட்டலை இந்தக் கடிதத்தின் கீழே அப்படியே தந்திருக்கிறேன்.

அவருடைய மௌனத்தை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. சொல்லடைவு என்பது எந்தக் கட்டத்தில் தேவைப்படும் வேலை என்பது நம் இருவருக்கும் தெரியும். மெய்ப்பு முடிந்து, பக்க எண்கள் இனி நகராது என்று உறுதியான பிறகுதான் அதைத் தொடங்கவே முடியும். அதற்கு முன் அடைவாளரிடம் பேசப் பதிப்பகத்துக்குக் காரணம் இல்லை. அதற்குப் பின்போ, அச்சகம் தேதி குறித்துவிட்டிருக்கும், பேசவே நேரம் இருக்காது. நடுவில் இருக்கும் அந்தச் சிறிய இடைவெளியில் அவருக்கு என் நினைவு வந்தால்தான் வேலை வரும். ஆகவே இப்போது பதில் வராததை ‘வேண்டாம்’ என்று நான் படிக்கவில்லை. ‘வேண்டாம்’ என்பதே அவர் எண்ணமாக இருந்தாலும் அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. அவரிடம் ஏற்கெனவே நம்பகமான ஒருவர் இருக்கலாம். நூலாசிரியர்களையே அடைவு தயாரிக்கச் சொல்லும் வழக்கமும் அங்கே இருக்கலாம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் ‘ஒரு வார்த்தை கேட்டுப்பாருங்கள்’ என்று முடிப்பேனோ என்று நீங்கள் எண்ண வேண்டாம். அவருக்கு நீங்கள் மறுபடி எழுத வேண்டாம், அக்கா. தொலைபேசியிலும் கேட்க வேண்டாம். இதை மரியாதைக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே சொல்கிறேன். உங்களுக்கும் அவருக்கும் இடையே உள்ள நட்பு, நான் இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்பிருந்தே இருப்பது. நீங்கள் இரண்டாம் முறை கேட்டால் அவரால் மறுக்க முடியாது. முகதாட்சண்யத்துக்காக ஒரு வேலையைக் கொடுப்பார். அப்படி வரும் வேலையில் எனக்கும் நிம்மதி இருக்காது, அவருக்கும் ஒரு மனக்குறை இருக்கும். அடுத்த முறை நீங்கள் வேறொருவரைப் பரிந்துரைக்கும்போது, அந்த ஆளின் தகுதியைப் பார்ப்பதற்கு முன் இந்த நினைவு அவருக்கு வரும். உங்கள் பரிந்துரைக்கு இருக்கும் மதிப்பு எனக்குப் பின்னால் வரப்போகும் பிள்ளைகளுக்கும் வேண்டும்.

அந்த மின்னஞ்சலில், ‘ஒரு சொல்லைத் தேடிப் போகிறவர் எந்தப் பெயரில் தேடுவார் என்று இவர் யோசிப்பார்’ என்று என்னைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நம் அலுவலகத்தில் இருந்த காலத்தில் நீங்கள் இதை என்னிடம் நேரில் சொன்னதே இல்லை. வேலை வந்தாலும் வராவிட்டாலும் அந்த வரி என்னிடம் இருக்கும். அறிமுகத்துக்கான என் நன்றி, அதன் பலனைப் பொறுத்தது அன்று.

ஒன்றே ஒன்று மட்டும். அவர் வேலை மாறிவிட்டார், அல்லது வீட்டில் ஏதோ சிரமம், அல்லது உடல்நலமில்லை என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால், ‘பொறு’ என்றோ ‘விட்டுவிடு’ என்றோ ஒரே சொல் அனுப்புங்கள். காரணம் சொல்ல வேண்டாம், நானும் கேட்க மாட்டேன். தெரியாவிட்டால் விசாரிக்க வேண்டாம். உங்களிடமிருந்து எதுவும் வராவிட்டால், உங்களுக்கும் ஒன்றும் தெரியாது என்று எடுத்துக்கொள்வேன்.

இனி என் பக்கத்தில் நடக்கப்போவதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாத இறுதியில் அவருக்கு இன்னும் ஒரு முறை, மூன்று நான்கு வரிகளில், எழுதுவேன். அதில் உங்கள் பெயர் இருக்காது. எப்போது தேவைப்பட்டாலும் அழைக்கலாம் என்று சொல்லி, அத்தோடு நிறுத்திக்கொள்வேன். அதற்குப் பிறகும் பதில் இல்லையென்றால் இந்த விஷயம் முடிந்தது என்று பொருள். அதை உங்களிடம் மீண்டும் கொண்டுவர மாட்டேன். எப்போதாவது வேலை அமைந்தால் மட்டும் முதலில் உங்களுக்குத்தான் எழுதுவேன்.

உங்கள் கட்டுரைத் தொகுப்புக்கான அடைவுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது ஒப்புக்கொண்ட வேலை, ஒப்புக்கொண்டபடியே நடக்கிறது. ‘பெண்கல்வி’ என்ற பதிவின் கீழ் பதினெட்டுப் பக்க எண்கள் வரிசையாக நிற்கின்றன. அப்படியே விட்டால் படிக்கிறவர் பதினெட்டுப் பக்கங்களையும் புரட்ட வேண்டும். அதைப் ‘பள்ளிச் சேர்க்கை’, ‘பாடநூல்கள்’, ‘விடுதிகள்’ எனத் துணைப்பதிவுகளாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் கட்டுரையில் தலைப்பெழுத்தோடும் ஏழாம் கட்டுரையில் முழுப்பெயரோடும் வருகிறவர் ஒரே ஆள்தானா என்று ஒரு சந்தேகம் இருக்கிறது. அதற்கு மட்டும் உங்கள் பதில் தேவை. அதையும் பக்கங்களை அனுப்பும்போது தனியாகக் கேட்டுக்கொள்கிறேன், இந்தக் கடிதத்தோடு சேர்க்க வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கண் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள், தள்ளிப்போடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய உதவி ஆசிரியை

பின்குறிப்பு: கீழே இரண்டு இருக்கின்றன. முதலாவது, நான் அவருக்கு அனுப்பிய நினைவூட்டல். இரண்டாவது, என்னைப் பற்றிய ஒரு சிறு குறிப்பு. அவரோ வேறு யாரோ தாமாகவே உங்களிடம் கேட்டால், நீங்கள் உட்கார்ந்து புதிதாக எழுதிக்கொண்டிருக்க வேண்டாம் என்பதற்காக வைத்திருக்கிறேன். யாரும் கேட்காவிட்டால் அது அங்கேயே கிடக்கட்டும்.

பதிப்பாசிரியருக்கு அனுப்பிய நினைவூட்டல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற மாதம் எங்கள் முன்னாள் ஆசிரியர் வழியாகத் தங்களுக்கு அறிமுகமானேன். அச்சுப் பணிகளுக்கிடையில் அந்தக் கடிதம் கீழே போயிருக்கக்கூடும் என்பதால் ஒரு முறை நினைவூட்டுகிறேன்.

ஆய்வு நூல்களுக்கும் கட்டுரைத் தொகுப்புகளுக்கும் சொல்லடைவு, பெயரடைவு தயாரித்துத் தருகிறேன். இறுதி மெய்ப்பின் பிடிஎஃப் கோப்பு கிடைத்தால் போதும். தற்போது தங்களிடம் அப்படிப்பட்ட நூல் எதுவும் இல்லையென்றால் இதற்குப் பதில் எழுத வேண்டிய அவசியமில்லை. பின்னால் தேவைப்படும் நாளில் தொடர்புகொள்ளலாம். மாதிரிக்கு, ஒரு நூலின் அடைவிலிருந்து இரண்டு பக்கங்களை, அந்நூலாசிரியரின் இசைவோடு, இத்துடன் இணைத்திருக்கிறேன்.

நன்றி.

கேட்பவர்களுக்கு அனுப்புவதற்கான குறிப்பு

தமிழ் நூல்களுக்குச் சொல்லடைவு, பெயரடைவு, பொருளடைவு தயாரிப்பவர். கலைக்களஞ்சியப் பணியில் உதவி ஆசிரியையாக இருந்தவர், இப்போது தனித்து இயங்குகிறார்.

அடைவைக் கணினியின் வரிசைப்படுத்தும் வசதியிடம் மட்டும் விட்டுவிடாமல், தமிழ் நெடுங்கணக்கு முறைப்படி சரிபார்த்துத் தருகிறார். யூனிகோடில் எழுத்துகளுக்குக் கொடுக்கப்பட்டுள்ள எண்வரிசை, நெடுங்கணக்கு வரிசையோடு ஒத்துப்போவதில்லை. அந்த எண்களை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் ‘வளம்’ முன்னாலும் ‘வழக்கு’ பின்னாலும் போய்விடும். ‘அகம்’ என்பது ‘அக்கம்’ என்பதற்கு முன்னால் வந்து நிற்கும். ‘ன’கரம் கடைசிக்குப் போகாமல் ‘ந’கரத்தை ஒட்டியே வரும். அகராதியில் சொல் தேடிப் பழகியவர் இப்படிப்பட்ட அடைவில் தாம் தேடுவது இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்.

ஒரே பொருளுக்கு இரு பெயர்கள் வழங்கும் இடங்களில் ‘காண்க’ என்ற வழிகாட்டுக் குறிப்பும், தொடர்புடைய பொருள்களுக்கு ‘மேலும் காண்க’ என்ற குறிப்பும் தருகிறார். பக்க எண்கள் நீளமாக அடுக்கப்படும் பதிவுகளைத் துணைப்பதிவுகளாகப் பிரிக்கிறார். அடைவுகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 999, 1996ஆம் ஆண்டுப் பதிப்பு, இவருக்குப் பழக்கமானது. பதிப்பகத்துக்கென்று தனி நடை இருந்தால் அதைப் பின்பற்றுவார்.

இறுதி மெய்ப்பு கைக்கு வந்ததும், நூலின் அளவைப் பார்த்துவிட்டு எத்தனை நாளாகும் என்று சொல்வார். பக்க எண்கள் உறுதியாகும் முன் வேலையைத் தொடங்குவதில்லை. தொடங்கிய பிறகு பக்கங்கள் நகர்ந்தால் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார். மாதிரிப் பக்கங்கள் கேட்டால் அனுப்புவார்.