உங்கள் புக்கிங் உறுதி: மே 16 வெள்ளி முதல் மே 18 ஞாயிறு வரை, கொடைக்கானல் வில்பட்டி வீடு

வணக்கம் கார்த்திக் சார்,

நேற்று நீங்கள் ஜிபேயில் அனுப்பிய அட்வான்ஸ் 3,000 ரூபாய் வந்து சேர்ந்தது. மே 16, 17 இரண்டு இரவுகளுக்கும் வீடு உங்களுக்குத்தான். ஐந்து பேர் என்று குறித்திருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி என்று சொன்னீர்களே, அவர்களுக்குக் கீழ் அறையை ஒதுக்கிவிட்டேன். வெள்ளி பகல் 12 மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஞாயிறு காலை 11 மணிக்குள் கிளம்ப வேண்டும்.

முதலில் பணக் கணக்கு. ஓர் இரவு வாடகை 4,500, இரண்டு இரவுக்கு 9,000 ரூபாய். அட்வான்ஸ் 3,000 இந்த வாடகையிலேயே கழிந்துவிடும். மீதி 6,000 ரூபாயை வந்தவுடன் கொடுத்தால் போதும். இதற்கு மேல் சர்வீஸ் சார்ஜ் எதுவும் கிடையாது.

டெபாசிட் வேறு. அது 2,000 ரூபாய். மீதி வாடகையோடு சேர்த்து வெள்ளிக்கிழமை வாங்கிக்கொள்வேன், ஞாயிறு நீங்கள் கிளம்பும்போது கையிலேயே திருப்பித் தருவேன். அதனால் வரும்போது 6,000 + 2,000 = 8,000 ரூபாய் தயாராக இருக்கட்டும். போன வருடம் இங்கே தங்கிய ஒரு குடும்பம், முன்பே கட்டிய அட்வான்ஸ்தான் டெபாசிட் என்று நினைத்து, கிளம்பும் நேரத்தில் அதைத் திரும்பக் கேட்டார்கள். பிள்ளைகள் வண்டியில் உட்கார்ந்திருக்க, வாசலில் நின்று கணக்குப் பேச வேண்டியதாகிவிட்டது. தப்பு என் மெயிலில்தான். இரண்டையும் "முன்பணம்" என்றே எழுதியிருந்தேன். அதனால்தான் இப்போது இவ்வளவு விவரம்.

டெபாசிட்டில் கை வைப்பது ஏதாவது உடைந்தால் அல்லது தொலைந்தால் மட்டும். கண்ணாடிக் கெட்டில் உடைந்தால் 900, வாசல் சாவி தொலைந்தால் பூட்டு மாற்ற 400. மற்றவை எதுவானாலும் புதிதாக வாங்கும் பில்லைக் காட்டி அந்தத் தொகையை மட்டும் கழிப்பேன். நீங்கள் வந்தவுடன் அறைகளை ஒன்றாகச் சுற்றிப் பார்த்து போட்டோ எடுப்போம், அது உங்கள் போனிலும் இருக்கும். ஹாலில் உள்ள மர மேஜையில் ஏற்கெனவே ஒரு நீளக் கீறல் இருக்கிறது. அதை உங்கள் கணக்கில் எழுத மாட்டேன். போர்வையில் டீ கொட்டிவிட்டால் பரவாயில்லை, துவைத்துக்கொள்கிறோம்.

வர முடியாமல் போனால்:

மே 9 வெள்ளி இரவு 10 மணிக்குள் சொன்னால் 3,000 ரூபாயும் முழுதாகத் திரும்ப வரும்.
அதற்கு அப்புறம், மே 13 செவ்வாய் இரவு 10 மணிக்குள் சொன்னால் 1,500 ரூபாய் திரும்ப வரும்.
அதற்கும் பிறகு சொன்னால் திரும்ப வராது. ஆனால் அதே இரண்டு இரவுக்கும் வேறு யாராவது வந்துவிட்டால் உங்கள் 3,000 ரூபாயையும் கொடுத்துவிடுவேன். சீசன் நேரம், ஆள் கிடைக்க வாய்ப்பு உண்டு. அதனால் தாமதமானாலும் சொல்லிவிடுங்கள்.

ரத்து செய்யாமல் தேதியை மட்டும் மாற்ற வேண்டுமென்றால், மே 13 இரவு 10 மணிக்குள் சொல்லுங்கள். ஜூன் 30-க்குள் காலியாக உள்ள நாளுக்கு ஒரு தடவை, அதே வாடகையில் மாற்றித் தருகிறேன். மாற்றிய தேதியையும் ரத்து செய்தால் அட்வான்ஸ் திரும்ப வராது. இரண்டு இரவு என்று சொல்லிவிட்டு ஓர் இரவிலேயே கிளம்பினாலும் வாடகை 9,000தான்; டெபாசிட் வழக்கம்போல் கையில் வந்துவிடும்.

இ-பாஸ் விஷயம் முக்கியம் சார். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வண்டிகளுக்குத்தான் அனுமதி. நீங்கள் காரில் வருவதால் epass.tnega.org தளத்தில் சீக்கிரமே பதிந்துவிடுங்கள். (அரசுப் பேருந்தில் வந்தால் பாஸ் தேவையில்லை.) இடம் நிரம்பிப் பாஸ் கிடைக்கவில்லை என்றால் அந்தத் திரையைப் படம் பிடித்து மே 13 இரவு 10 மணிக்குள் அனுப்புங்கள், முழு 3,000 ரூபாயும் திரும்ப வரும். அதற்குப் பிறகு தெரிந்தால் மேலே சொன்ன மூன்றாவது விதிதான்.

மண் சரிந்து மலைப்பாதையை மூடிவிட்டாலோ, எங்கள் பக்கம் ஏதாவது ஆகி வீட்டைத் தர முடியாமல் போனாலோ, எந்த நாளாக இருந்தாலும் நீங்கள் கட்டியது முழுவதும் உங்களுக்குத்தான். மழை, பனிமூட்டம் இதில் சேராது.

ரத்தானால் இந்த மெயிலுக்குப் பதில் எழுதுங்கள், அல்லது நாம் பேசிய வாட்ஸ்அப் எண்ணில் செய்தி போடுங்கள். நீங்கள் அனுப்பிய நேரம்தான் கணக்கு. நான் எப்போது பார்த்தேன் என்பது அல்ல. பணம் மூன்று நாளுக்குள் அதே ஜிபே எண்ணுக்கு வந்துவிடும்.

எல்லாம் சரி என்றால் "சரி" என்று ஒரு வரி பதில் போடுங்கள். எந்த இடமாவது புரியவில்லை என்றால் இப்போதே கூப்பிடுங்கள் சார், சாயங்காலம் 6 மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
செல்வி
வில்பட்டி, கொடைக்கானல்
21 ஏப்ரல் 2025