அக்காவுக்கு, கடைசி ஷிஃப்டில்

அக்கா, கொஞ்சம் உட்காருங்கள். மணி நாலே கால். நம் கால் சென்டர் கியூவில் இப்போது ஒரு கால்கூட இல்லை. வந்தாலும் எடுக்கப் பின்வரிசையில் இரண்டு பேர் இருக்கிறார்கள். 7 வருடமாக எங்களையெல்லாம் பிரேக்குக்கு அனுப்பிவிட்டு சீட்டிலேயே இருந்தீர்கள். இன்று பத்து நிமிடம் நீங்கள் பிரேக்கில் இருங்கள்.

இரவு பத்து மணிக்கு உள்ளே வந்ததும் நீங்கள் லாகின் செய்து யாரும் பார்த்ததில்லை. முதலில் மேசை மேசையாக வருவீர்கள். "பகல்ல தூங்கினியா?" என்று கேட்பீர்கள். தூங்கினேன் என்று பொய் சொன்னால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவீர்கள். அன்றைய முதல் பிரேக் பொய் சொன்னவருக்குத்தான். பகலில் படுத்திருப்பவரைச் சோம்பேறி என்று நினைக்கும் ஊரில், எங்கள் தூக்கத்தை விசாரித்த ஒரே ஆள் நீங்கள்.

அப்புறம் அந்த மூன்று மணி. கண் தானாகச் சொருகும். நீங்கள் எழுந்து நின்றே கால் எடுப்பீர்கள். ஒன்றும் சொல்ல மாட்டீர்கள். உங்களைப் பார்த்து நாங்களும் ஒவ்வொருவராக எழுவோம். இருட்டில் கண்ணாடிச் சுவரில் டீம் முழுக்க வரிசையாக நிற்பது தெரியும்.

இதைப் படிக்கிற நான் சேர்ந்த மூன்றாவது வாரம் அது. ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் பிடித்துவிட்டார்கள் என்று ஒருவர் கத்திக்கொண்டே இருந்தார். மியூட் பட்டன் மேல் என் விரல் நடுங்கியது. நீங்கள் இன்னொரு ஹெட்செட்டை என் லைனில் செருகிப் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். துண்டுத்தாளில் எழுதி நகர்த்தினீர்கள்: "அவர் முடிக்கட்டும். நீ தண்ணி குடி." குடித்தேன். அவரும் பேசி முடித்து, "சரிம்மா, இப்ப என்ன செய்யணும்?" என்றார். கால் நேரம் ஏன் அவ்வளவு நீண்டது என்று பிறகு கேள்வி வந்தபோது, "நான்தான் பக்கத்தில் இருந்தேன், என்னைக் கேளுங்கள்" என்று நீங்கள் சொன்னது ஒரு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். அந்தத் தாள் இன்னும் என் மானிட்டருக்குக் கீழே ஒட்டியிருக்கிறது. மை மங்கிவிட்டது, ஆனாலும் படிக்க முடிகிறது.

லாகினுக்கு முன் மாடிப்படியில் நின்று மகளைப் போனிலேயே தூங்க வைப்பீர்களே, அதுவும் எங்களுக்குத் தெரியும். அந்த ஐந்து நிமிடம் யாரும் அந்தப் படியில் ஏற மாட்டோம். திங்கட்கிழமை முதல் உங்களுக்குப் பகல் வேலை. இனி அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டே கதை சொல்லலாம். எங்களுக்கு எவ்வளவு வருத்தமோ அவ்வளவு சந்தோஷம், அக்கா.

அடுத்த வாரம் இரண்டு புதியவர்கள் வருகிறார்கள். தூங்கினார்களா என்று நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

ஆறு மணிக்கு லாக் அவுட் செய்யும்போது ஹெட்செட் வயரைச் சுற்றி வைக்காதீர்கள். அதையும் நாங்களே செய்கிறோம். சரி, போர்டில் இரண்டு கால் நிற்கிறது. நீங்கள் எழ வேண்டாம். நாங்கள் எடுக்கிறோம்.