மாசி வீதி, பிள்ளையார் கோவில் பக்கம்

ஆப்பில் வந்த முகவரி ஒரே வரிதான்: 'பிள்ளையார் கோவில் பக்கம், மாசி வீதி, மதுரை.' கதவு எண் கிடையாது. மேப்பில் குத்தியிருந்த புள்ளியோ மீனாட்சி அம்மன் கோவிலுக்குள்ளே, பொற்றாமரைக் குளத்தின் நட்டநடுவில் நின்றது.

பாண்டி பைக்கை ஆவணி மூல வீதியில் ஓரங்கட்டினான். காலை ஏழே முக்கால். பையில் நாலு இட்லி, மிளகு ரசம், ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர். காய்ச்சல்காரருக்குப் போகிற ஆர்டர் என்று பார்த்தாலே தெரிந்தது.

உசிலம்பட்டிக்காரன்தான் என்றாலும் டவுனுக்குள் வண்டி ஓட்டிப் பழகியவன். கோவிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள். ஒவ்வொன்றிலும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று நாலு. சித்திரைத் திருவிழாவில் தேர் சுற்றுவது நாலு மாசி வீதிகளையும்தான். அதைச் சுற்ற ஊரே சேர்ந்து வடம் பிடிக்க வேண்டியிருக்கிறது, இவன் ஒருத்தன் என்ன செய்வான்? பிள்ளையார் கோவிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். முக்குக்கு முக்கு உட்கார்ந்திருக்கிறார்.

தெற்கு மாசி வீதியில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டான்.

"எந்தப் பிள்ளையாருப்பா? இங்குட்டும் இருக்காரு, அங்குட்டும் இருக்காரு. பேரு இல்லையா?"

பேரு இல்லை. கீழ மாசி வீதிக்குப் போனான். அங்கே பலசரக்கு மூட்டை இறக்கும் லாரிகள் வழியை அடைத்து நின்றன. லோடுமேன்கள் ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். சரி என்று ஆர்டர் போட்ட நம்பருக்கே அடித்தான்.

"சொல்லுங்ண்ணா." கோயம்புத்தூர்ப் பேச்சு.

"அக்கா, எந்த மாசி வீதிக்கா? நாலு இருக்கு."

"நாலா? அய்யோ, எனக்குத் தெரியாதுங்ண்ணா. அது எங்க அத்தை வீடு. பிள்ளையார் கோவில் பக்கம், யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்கன்னு அவர் எப்பவும் சொல்லுவாருங்க."

"அவரு நம்பர் குடுங்கக்கா."

"ஃபிளைட்ல இருக்காருங்க. பத்து மணிக்குத்தான் இறங்குவாரு. அத்தைக்கு ராத்திரியிலிருந்து காய்ச்சல், போன் எடுக்கவே மாட்டேங்கறாங்க. நான் கல்யாணமானப்ப ரெண்டு நாள் இருந்ததுதாங்க. வழி ஒண்ணும் ஞாபகம் இல்ல, கார்ல தூங்கிட்டேன்."

கேன்சல் செய்துவிட்டால் அடுத்த ஆர்டருக்கு ஓடலாம். மற்ற நாளென்றால் ஓடியிருப்பான். ரசம் பை வழியாகச் சுட்டுக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தான். கட்டடங்களுக்கு மேலே கோபுரத்தின் தலை மட்டும் தெரிந்தது. கல்யாணமாகி வந்த பெண், மாசி வீதி வீடு, ரெண்டு நாள். மொட்டை மாடிக்குப் போகாமலா இருந்திருப்பார்கள்?

"அக்கா, அந்த வீட்டு மாடியில கோபுரம் தெரியிற மாதிரி போட்டோ எடுத்தீங்களா?"

"எடுத்தோமே! டிபியே அதுதாங்க."

"அதுல கோபுரத்துல பொம்மை நிறையவா இருக்கு, கம்மியாவா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்க்கிறாள் போல.

"கம்மிதாங்ண்ணா. மத்த கோபுரம் மாதிரி அடை அடையா இல்ல. நேரா எங்க பின்னாடி நிக்குது."

பாண்டி கிக்கரை மிதித்துவிட்டான். நாலு வெளிக்கோபுரத்தில் பொம்மை கம்மியாக இருப்பது வடக்குக் கோபுரம் ஒன்றுதான். மொட்டைக் கோபுரம் என்று பேரே வைத்திருக்கிறார்கள். அது கிட்டத்தில் நிற்கிறதென்றால் வீடு வடக்கு மாசி வீதி. நேராகப் பின்னால் நிற்கிறதென்றால் வீதியின் இரண்டு ஓரமும் இல்லை, நடுப்பகுதி. தேட வேண்டிய நாலு வீதி, ஒரு வீதியில் கால்வாசியாகச் சுருங்கிவிட்டது.

நடுப்பகுதியில் ஒரு சந்து முகப்பில், கம்பிக் கதவுக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில் ஒரு பிள்ளையார். அருகம்புல் மாலை காய்ந்து கிடந்தது. 'கோவில்' என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். எதிரே இஸ்திரி போடுபவரிடம், "மகன் வெளியூர்ல, அம்மா தனியா, காய்ச்சல்..." என்று தொடங்கும் முன்பே அவர் பெட்டியைத் தூக்கிப் பச்சைக் கதவைக் காட்டினார்.

மூன்று தடவை தட்டிய பிறகு திறந்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு ஒரு அம்மா. பையை வாங்கி, ஃபிளாஸ்க்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஏற இறங்கப் பார்த்தார்.

"மருமக எட்டு மணிக்குள்ள வரும்னாளே. எட்டரை ஆச்சு?"

"வீடு கண்டுபிடிக்க நேரமாயிருச்சும்மா."

"என்னப்பா கஷ்டம்? பிள்ளையார் கோவில் பக்கம்னு கேட்டா யாரும் சொல்லுவாங்களே!"

"ஆமாம்மா," என்றான் பாண்டி. "மருமககிட்ட ஓடிபி மட்டும் கேட்டுச் சொல்லிருங்க. போன் எங்க வச்சிருக்கீங்க?"