ஆம்புலன்ஸ் கட்டணமும், மருத்துவமனைக்கு முன்னும் பின்னும் ஆன செலவும்: கிளைம் கடிதம்

உசிலம்பட்டி
26.05.2025

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
மருத்துவக் காப்பீட்டு கிளைம் பிரிவு,
மதுரை கிளை.

பொருள்: என் தந்தை பெருமாள் (வயது 66) அவர்களின் இதய சிகிச்சை தொடர்பான ஆம்புலன்ஸ் கட்டணம், அட்மிஷனுக்கு முந்தைய செலவு, டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு ஆகியவற்றைத் திரும்பக் கோருதல்.
பாலிசி எண்: 24-25/118306. ஏற்கெனவே முடிந்த கேஷ்லெஸ் கிளைம் எண்: 0467/250315.

ஐயா / அம்மா,

வணக்கம். என் தந்தை 15.03.2025 அதிகாலை 12.40-க்கு மாரடைப்புடன் மதுரையில் உள்ள உங்கள் நெட்வொர்க் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அன்றே ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். 19.03.2025 அன்று டிஸ்சார்ஜ் ஆனார். அந்த ஐந்து நாள் பில்லை நீங்கள் கேஷ்லெஸ் முறையில் கட்டிவிட்டீர்கள். ராத்திரி நேரத்தில் பணத்துக்கு அலையாமல் அப்பாவைக் காப்பாற்ற முடிந்ததற்கு அது பெரிய உதவி. அதற்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும்.

இப்போது கேட்பது அந்தப் பில்லுக்கு வெளியே எங்கள் கையிலிருந்து போன பணம். பாலிசிப்படி அட்மிஷனுக்கு முந்தைய 30 நாளும், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாளும், அதே நோய்க்காக ஆன செலவு கிடைக்கும். நாள்காட்டியை வைத்து எண்ணினேன்: முந்தைய காலம் 13.02.2025 முதல் 14.03.2025 வரை, பிந்தைய காலம் 20.03.2025 முதல் 18.05.2025 வரை. கீழே உள்ள பில்கள் எல்லாமே இந்தத் தேதிகளுக்குள் வருகின்றன. அப்பா 06.02.2025 அன்று எடுத்த சுகர் பரிசோதனை பில் ஒன்றும் வீட்டில் இருக்கிறது. அது தேதிக்கு வெளியே போவதால் சேர்க்கவில்லை.

அ. ஆம்புலன்ஸ்

1. 14.03.2025: உசிலம்பட்டியிலிருந்து மதுரை மருத்துவமனை வரை, வண்டிக்கு ரூ. 2,600, ஆக்சிஜனுக்கு ரூ. 600, மொத்தம் ரூ. 3,200. பாலிசியில் ஒரு அட்மிஷனுக்கு உச்சவரம்பு ரூ. 2,500. கோருவது ரூ. 2,500.

தனியார் வண்டி ஏன் என்ற கேள்வி வரலாம். அன்று இரவு பத்து மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சை அடைத்து வேர்த்துக் கொட்டியது. பக்கத்துத் தெரு டாக்டரிடம் ஓடினோம். ஈசிஜியைப் பார்த்ததும் அவர் மாத்திரை கொடுத்து, "ஒரு நிமிஷம் தாமதிக்காதீங்க, மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். இலவச வண்டி அப்போது வேறு அழைப்பில் இருந்தது. செக்கானூரணி தாண்டும்போதே அப்பாவுக்குப் பேச்சு குழறியது. ஆக்சிஜன் அப்போதுதான் வைத்தார்கள். டாக்டர் சீட்டில் இரவு 11.15 என்று நேரம் இருக்கிறது. ஆம்புலன்ஸ் ரசீதில் புறப்பட்ட நேரம் 11.30, வண்டி எண், கிலோமீட்டர், முத்திரை எல்லாம் உள்ளன. அந்தச் சீட்டையும் ரசீதோடு பின் செய்திருக்கிறேன்.

ஆ. அட்மிஷனுக்கு முன்

2. 24.02.2025: உசிலம்பட்டி, டாக்டர் கட்டணம், ரூ. 300
3. 24.02.2025: ஈசிஜி, ரூ. 250
4. 24.02.2025: மருந்து, ரூ. 486
5. 05.03.2025: மதுரை, இதய மருத்துவர் கட்டணம், ரூ. 700
6. 05.03.2025: எக்கோ, ரூ. 1,800
7. 05.03.2025: மருந்து, பில் தொகை ரூ. 1,412, கோருவது ரூ. 1,164
8. 06.03.2025: கொழுப்பு, கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை, ரூ. 1,450

கூட்டல்: ரூ. 6,150

24-ஆம் தேதி மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்றுதான் முதன்முதலில் டாக்டரிடம் போனோம். அவர் சீட்டிலேயே இதய மருத்துவரைப் பார்க்கும்படி எழுதியிருக்கிறார். மதுரை டாக்டர் டிரெட்மில் பரிசோதனைக்கு 17.03.2025 தேதி கொடுத்திருந்தார்; அதற்கு மூன்று நாள் முன்பே மாரடைப்பு வந்துவிட்டது. இந்தச் செலவு முழுக்க அதே இதய நோய்க்குத்தான் என்பதற்கு அந்த இரண்டு சீட்டுகளும் போதும் என்று நம்புகிறேன்.

பில் 3: வெப்பத்தாளில் அடித்த ரசீது, அப்பாவின் சட்டைப்பையிலேயே கிடந்து வியர்வையில் எழுத்து அழிந்துவிட்டது. அதே இடத்தில் முத்திரையுடன் நகல் வாங்கி, மங்கிய அசலையும் கூடவே இணைத்திருக்கிறேன்.
பில் 7: இதில் அப்பா வழக்கமாகப் போடும் சுகர் மாத்திரையும் இருந்தது. ரூ. 248-ஐச் சிவப்பு மையால் அடித்துக் கழித்துவிட்டேன்.
பில் 8: பெயர் 'பெருமாயி' என்று தவறாக அச்சாகியிருந்தது. வயது, போன் எண் இரண்டும் அப்பாவுடையவை. லேபில் சொல்லித் திருத்திக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.

இ. டிஸ்சார்ஜுக்குப் பின்

9. 26.03.2025: மறுபரிசோதனை, டாக்டர் கட்டணம், ரூ. 700
10. 26.03.2025: ஈசிஜி, ரூ. 300
11. 26.03.2025: 30 நாள் மருந்து, ரூ. 2,386
12. 25.04.2025: ரத்தப் பரிசோதனை, ரூ. 950
13. 25.04.2025: டாக்டர் கட்டணம், ரூ. 700
14. 25.04.2025: 30 நாள் மருந்து, ரூ. 2,344
15. 14.05.2025: எக்கோ, ரூ. 1,800
16. 14.05.2025: டாக்டர் கட்டணம், ரூ. 700

கூட்டல்: ரூ. 9,880

டிஸ்சார்ஜ் அன்று கொடுத்த ஏழு நாள் மருந்து கேஷ்லெஸ் பில்லிலேயே வந்துவிட்டதால் இங்கே மறுபடி கேட்கவில்லை. ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் ஒவ்வொரு முறையும் மொத்தமாக ஒரு மாத மருந்து வாங்கினோம்.

பில் 15, 16 பற்றி ஒரு விளக்கம். டாக்டர் சீட்டில் எக்கோவுக்கு 12.05.2025 என்று எழுதியிருக்கும். அன்று மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கிய நாள். அந்தக் கூட்டத்துக்குள் இதய நோயாளியை அழைத்துப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. போனில் கேட்டு இரண்டு நாள் தள்ளிப் போனோம். தேதி மாறியதற்குக் காரணம் இது மட்டுமே.

ஆக மொத்தம் கோரும் தொகை: ஆம்புலன்ஸ் 2,500 + முந்தைய செலவு 6,150 + பிந்தைய செலவு 9,880 = ரூ. 18,530 (பதினெட்டாயிரத்து ஐந்நூற்று முப்பது ரூபாய்).

போன மாதம் விசாரிக்க வந்தபோது, கவுண்டரில் இருந்த ஒருவர் "கேஷ்லெஸ் முடிஞ்சா கிளைம் முடிஞ்ச மாதிரிதாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பாலிசியைத் திரும்ப எடுத்துப் படித்த பிறகுதான் இந்தச் செலவைத் தனியாகக் கேட்கலாம் என்று தெரிந்தது. பிந்தைய 60 நாள் முடிந்து 15 நாளுக்குள், அதாவது 02.06.2025-க்குள், கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நான் அதற்குள்ளேயே கொடுக்கிறேன். இந்தக் கடிதத்தின் நகலில் தேதியும் முத்திரையும் போட்டுக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஏதாவது தாள் குறைந்தால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் சொல்லுங்கள். உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வர எனக்கு அரை நாள் கூலி போகிறது. எந்தப் பில்லையாவது குறைத்தாலோ மறுத்தாலோ, பில் எண்ணையும் பாலிசியின் எந்த விதிப்படி என்பதையும் எழுத்தில் தாருங்கள்.

இணைப்பு: பூர்த்தி செய்த கிளைம் படிவம், மேற்படி 16 பில்களின் அசல், வரிசை எண் இட்டு, ஒவ்வொரு மருந்து பில்லுக்கும் பரிசோதனைக்கும் உரிய டாக்டர் சீட்டு, ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை அறிக்கைகள், டிஸ்சார்ஜ் சம்மரி நகல், கேஷ்லெஸ் ஒப்புதல் கடித நகல், என் ஆதார், பான் நகல்கள், பணம் வரவு வைக்க வேண்டிய வங்கிக் கணக்கின் ரத்து செய்த காசோலை.

இப்படிக்கு,
பெ. முத்துலட்சுமி
(பாலிசிதாரர், நோயாளியின் மகள்)