எட்டே கால் பேருந்தை ஒன்பதுக்கு மாற்றக் கோரி

குடிமக்கள் கடிதப் பயிற்சி, தமிழ்ப் பாடம், முதலாம் ஆண்டு

அனுப்புநர்
ர. கவிதா,
இளங்கலை வணிகவியல் முதலாம் ஆண்டு,
அம்மன் கோயில் வீதி, திருப்பூர்.

பெறுநர்
மாமன்ற உறுப்பினர் அவர்கள்,
வார்டு அலுவலகம், திருப்பூர்.

நாள்: 14.07.2025

பொருள்: வேலை முடிந்து திரும்பும் பெண்களுக்காகக் கடைசி நகரப் பேருந்தின் நேரத்தை மாற்றுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். என் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். காலை 8.30க்கு உள்ளே போனால், ஒன்றரை ஷிப்ட் இருக்கும் நாளில் இரவு 8.30க்குத்தான் வெளியே வருவார். கேட்டில் பையைக் காட்டிவிட்டு நிறுத்தத்துக்கு நடந்து வர 8.45 ஆகிவிடும். எங்கள் பகுதிக்கு வரும் கடைசி நகரப் பேருந்து அந்த நிறுத்தத்தை 8.15க்கே தாண்டிவிடுகிறது. அம்மாவை மாதிரி டெய்லர், கைமடி, பேக்கிங் என்று அந்தத் தெருவில் வேலை செய்யும் எல்லோருக்கும் இதே கதைதான்.

இந்தப் பயிற்சிக்காகக் கடந்த வாரம் மூன்று நாள் அந்த நிறுத்தத்தில் நின்று எண்ணிப் பார்த்தேன். 8.15 பேருந்தில் ஏறியவர்கள் புதன் 4 பேர், வியாழன் 2 பேர், சனி 3 பேர். 8.40க்கும் 9 மணிக்கும் இடையில் வந்து நின்ற பெண்கள் அதே நாள்களில் 17, 14, 23. இரவில் கூட்டமில்லை, அதனால் பேருந்து விட முடியாது என்று போக்குவரத்துக் கழகக் கிளையில் சொல்வதாக வீதியில் பேசிக்கொள்கிறார்கள். கூட்டம் இருக்கிறது அம்மா, அரை மணி நேரம் கழித்து வருகிறது, அவ்வளவுதான். அதனால் நாங்கள் புதுப் பேருந்து கேட்கவில்லை. அதே பேருந்து, அதே ஓட்டுநர், அதே நடத்துநர், 8.15க்குப் பதில் 9 மணிக்கு வந்தால் போதும். 8.15க்கு ஏறும் நாலு பேருக்கு 7.40 பேருந்து இருக்கிறது. அவர்களிடமும் கேட்டேன், ஒரு பெரியவரைத் தவிர யாரும் மறுக்கவில்லை.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொல்கிறது. அம்மா இரவில் ஷேர் ஆட்டோவுக்கு 30 ரூபாய் கொடுக்கிறார். மாதம் 26 நாள் என்றால் 780 ரூபாய். அரசு ஒரு கையில் கொடுத்ததை ஆட்டோக்காரர் மறு கையில் வாங்கிக்கொள்கிறார். அவரையும் குறை சொல்ல முடியாது, அந்த நேரத்தில் வருகிறவர் அவர் ஒருவர்தான். ஆனால் அவரும் ஏழு பேர் சேர்ந்தால்தான் வண்டியை எடுப்பார். ஏழாவது ஆளுக்காக நிற்கிற அந்த இருபது நிமிடத்தைத்தான் அம்மா வெறுக்கிறார். முக்கியமாகச் சனிக்கிழமை, சம்பளப் பணம் பைக்குள் இருக்கும்போது.

பக்கத்து வீட்டு அக்கா இதற்குப் பயந்தே அரை ஷிப்ட் வேண்டாம் என்று 5.30க்கு வந்துவிடுகிறார். அவர் வீட்டில் அந்தக் கூலி வேண்டாம் என்று ஒதுக்கும் நிலைமை இல்லை.

இன்னொன்று, நிறுத்தத்தில் விளக்கு. நிழற்குடைக்கு மேலே விளம்பரப் பலகை பளிச்சென்று எரிகிறது. கீழே பெண்கள் நிற்கிற இடத்தில் தெருவிளக்கு எரிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இருட்டில் ஆள் நிற்பது தெரியாமல் சில பேருந்துகள் ஐம்பது அடி தள்ளிப் போய் நிற்கின்றன. சிலது நிற்பதே இல்லை. சேலையோடும் சாப்பாட்டுப் பையோடும் அம்மா பேருந்துக்குப் பின்னால் ஓடியதை ஒரு நாள் பார்த்தேன்.

பேருந்து ஓட்டுவது தங்கள் பொறுப்பில் இல்லை என்பது தெரியும். ஆனால் தெருவிளக்கு மாநகராட்சியுடையது, அதை இந்த வாரமே சரிசெய்யச் சொல்லலாம். நேர மாற்றத்துக்குத் தாங்கள் கிளை மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதி, மாமன்றக் கூட்டத்திலும் பேச வேண்டுகிறேன். நாங்கள் எழுதினால் கோப்பில் கிடக்கும், தாங்கள் எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும். நேர மாற்றத்தை மூன்று மாதம் வெள்ளோட்டமாக விட்டுப் பார்க்கட்டும். ஆள் ஏறவில்லை என்றால் பழைய நேரத்துக்கே மாற்றிக்கொள்ளட்டும்.

வரும் சனிக்கிழமை இரவு 8.45க்கு ஒரு நடை நிறுத்தத்துக்கு வந்தீர்களானால், கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ர. கவிதா

இணைப்பு: 41 பெண்களின் கையெழுத்து, மூன்று நாள் எண்ணிக்கைத் தாள்.